கடம்பாறைத் தண்ணீரும் ஹார்ன்ஸ்டேல் பேட்டரியும்

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கின் பன்னிரண்டாம் நாள். இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொல்லியிருந்தார் பிரதமர். மொட்டை மாடிகளில் தீபம் எரிந்த அந்த நேரத்தில், நாட்டின் மின்கட்டமைப்பைக் கவனிப்பவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்ததோ ஏறத்தாழ 31,000 மெகாவாட். விளக்குகள் திரும்ப எரியத் தொடங்கியதும் தேவை மறுபடி ஏறத் தொடங்கியது. ஆனால் எங்கும் இருள் சூழவில்லை. அந்தச் சரிவில் பாதிக்கும் மேல், சுமார் 17,500 மெகாவாட்டை, அணைக்கட்டு நிலையங்கள் ஏற்றுக்கொண்டன. முன்னதாகவே அவற்றின் உற்பத்தியை ஏற்றி வைத்திருந்தார்கள். 8.45-இலிருந்து மளமளவென்று இறக்கி, 9.10-க்குப் பிறகு மறுபடி ஏற்றினார்கள்.

அன்று மாறியது தேவை. காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் மாறுவது வரத்து. கட்டமைப்புக்கு இரண்டும் ஒன்றுதான். நாடு முழுவதும் ஒரே கம்பிவலையில் இணைந்த மின்னாக்கிகள் எல்லாம் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 சுழற்சி என்ற கணக்கில் ஓடுகின்றன. எடுப்பது கூடிப்போய்த் தருவது குறைந்தால், அந்தக் குறை முதலில் சுழலும் இரும்பின் வேகத்திலிருந்தே கழிக்கப்படும். 50 ஹெர்ட்ஸ் என்பது 49.9, 49.8 என்று இறங்கும். தருவது மிஞ்சினால் ஏறும். தீபம் ஏற்றிய அந்த இரவில் அது 49.70-க்கும் 50.26-க்கும் இடையே ஆடியது. இந்தியாவில் வழக்கமாக அனுமதிக்கப்படும் வரம்பு 49.90 முதல் 50.05 வரைதான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஆட்டம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

காற்றும் வெயிலும் நிலையில்லாதவை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அந்த நிலையின்மை ஒரே அளவானதல்ல. மேகம் ஒன்று சூரியப் பூங்காவைக் கடக்கும் இடைவெளி சில நிமிடம். மாலை 4 மணிக்கும் 6.30-க்கும் நடுவே மொத்தச் சூரிய மின்சாரமும் மறைந்து, அதே வேளையில் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஓடத் தொடங்கும் இடைவெளி சில மணி நேரம். காற்றின் கணக்கு இன்னும் கறாரானது. காற்றாலையின் திறன் காற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். நொடிக்கு 10 மீட்டர் வீசிய காற்று 8 மீட்டராகத் தணிந்தால் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதில்லை, பாதியாகிவிடும். இதெல்லாம் போக, பருவம் என்ற மாத அளவிலான இடைவெளியும் இருக்கிறது. இந்த இடைவெளிகளில் எதை எது அடைக்கும் என்று பார்க்க, இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று ஆனைமலையில் இருக்கும் கடம்பாறை. மற்றொன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ்டவுன் ஊருக்கு அருகே இருக்கும் ஹார்ன்ஸ்டேல்.

கடம்பாறை நீரேற்று புனல் மின் நிலையம் 1980-களின் கடைசியில் இயங்கத் தொடங்கியது. மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை, நடுவில் மலையைக் குடைந்து உள்ளே வைத்த மின் நிலையம். தலா 100 மெகாவாட்டில் நான்கு எந்திரங்கள். மேலணைக்கும் கீழணைக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 380 மீட்டர். மின்சாரம் தேவைப்படும்போது தண்ணீர் இறங்கி விசையாழியைச் சுற்றும். மின்சாரம் மிஞ்சும்போது அதே எந்திரம் எதிர்த்திசையில் சுழன்று, பம்பாகி, இறங்கிய தண்ணீரை மேலே ஏற்றும். கட்டிய காலத்தில் மிச்சம் என்றால் இரவு மிச்சம். ஊர் தூங்கினாலும் அனல் நிலையக் கொதிகலனை அணைக்க முடியாததால் வந்த மிச்சம். இன்று சூரியன் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கி, மிச்சத்தை நண்பகலுக்குக் கொண்டுவந்துவிட்டது.

380 மீட்டர் என்பதில் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு உண்டு. மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறைய இருக்கும் தண்ணீர் 380 மீட்டர் இறங்கினால், எந்திர இழப்புக்கு முன், கிட்டத்தட்ட ஒரே ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட் என்பது நூறு தொட்டித் தண்ணீர் மலையிறங்குவதற்குச் சமம். நான்கு எந்திரமும் முழு மூச்சில் ஒரு மணி நேரம் ஓடினால் வருவது 4 லட்சம் யூனிட். அதற்கு நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டித் தண்ணீர், அதாவது நொடிக்கு நூறு தொட்டிக்கு மேல், இறங்கியாக வேண்டும். தண்ணீர் மிக மட்டமான சேமிப்புப் பொருள். அதன் ஒரே பலம், அது ஏராளமாக இருப்பதும், மலை ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்பதும்தான். அதே ஒரு யூனிட்டை லித்தியம் பேட்டரியில் அடைக்க ஏழெட்டுக் கிலோ போதும்.

அந்த ஏழெட்டுக் கிலோக்களை ஆயிரக்கணக்கில் அடுக்கிய இடம்தான் ஹார்ன்ஸ்டேல். அதன் பிறப்புக்குப் பின்னே ஓர் இருள் இருக்கிறது. 2016 செப்டம்பர் 28 அன்று புயல் வீசி, தெற்கு ஆஸ்திரேலியாவின் உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. மின்பாதைகளில் ஏற்பட்ட பழுதுகளால் மின்னழுத்தம் அடுத்தடுத்துப் பலமுறை சரிந்தது. குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் சரிவு வந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டில் ஓர் அமைப்பு பதிந்திருந்தது. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது. விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுவதும் இருண்டது. காற்று நின்றதால் வந்த இருள் இது என்று அரசியல் மேடைகளில் பேசினார்கள். காற்று நிற்கவில்லை, பேயாக வீசிக்கொண்டுதான் இருந்தது. குற்றம் காற்றாலைகளுக்குள் எழுதி வைத்திருந்த ஓர் எண்ணில் இருந்தது. நிலையின்மையைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கைவிடக் கூடாது.

அடுத்த ஆண்டு எலான் மஸ்க் நூறு நாளில் பேட்டரி வைத்துத் தருவதாக ட்விட்டரில் பந்தயம் கட்டினார். 2017 டிசம்பர் 1 அன்று 100 மெகாவாட் திறனும் 129 மெகாவாட்-மணி கொள்ளளவும் கொண்ட நிலையம் இயங்கத் தொடங்கியது. இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள். முழு வேகத்தில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. கடம்பாறை இருபதே நிமிடத்தில் தருவதை இது தன் இருப்பு முழுவதையும் செலவழித்துத் தரும். ஆகவே அதை ஒரு குட்டி அணை என்று பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அதன் வேலை வேறு.

வேலை என்ன என்பது இரண்டே வாரத்தில் தெரிந்தது. டிசம்பர் 14 நள்ளிரவு கடந்து, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் தந்துகொண்டிருந்த ஓர் எந்திரம் நின்றது. அலைவெண் சரிந்தது. அப்படிச் சரிந்தால் கைகொடுக்க ஒப்பந்தம் போட்டிருந்த வேறொரு நிலக்கரி நிலையம் அசைவதற்கு முன்பே ஹார்ன்ஸ்டேல் மின்சாரத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. தள்ளிய அளவு 7.3 மெகாவாட் என்பதைப் பல கட்டுரைகள் உரக்கச் சொல்லவில்லை. 560-ஐ இழந்த கட்டமைப்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் அந்த இரவு காட்டியது அளவை அல்ல, வேகத்தை. பேட்டரியில் சுழல வேண்டிய இரும்பு இல்லை, திறக்க வேண்டிய வால்வு இல்லை. அலைவெண் இறங்குவதை இன்வெர்ட்டர் கண்டுகொண்டால் நொடியின் சிறு பங்கிலேயே மின்சாரம் கிளம்பிவிடும்.

கடம்பாறை வகை எந்திரத்தால் இது ஆகாது. அது பம்பாக மாறும் முறையைக் கவனித்தால் காரணம் புரியும். நிலையாக நிற்கும் சுழலியைத் தண்ணீருக்குள் வைத்து எதிர்த்திசையில் சுழற்ற ஆரம்பிப்பது மிகப் பெரிய பாரம். ஆகையால் முதலில் அழுத்தமேற்றிய காற்றைச் செலுத்தி, சுழலியைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கீழே தள்ளுவார்கள். காற்றுக்குள் வெறுமனே சுழலும்படி அதை வேகமேற்றி, கட்டமைப்பின் தாளத்தோடு சேர்த்துக் கம்பியில் இணைப்பார்கள். பிறகு காற்றை வெளியேற்றி, தண்ணீரை மறுபடி ஏறவிட்டு, வழிகாட்டித் தகடுகளைத் திறப்பார்கள். இதற்கெல்லாம் நிமிடங்கள் பிடிக்கும். பம்பிலிருந்து மின்னாக்கியாக மாறவும் ஒருமுறை நின்று திரும்ப வேண்டும்.

தண்ணீர் எப்போதுமே மெதுவானது என்று இதற்குப் பொருளல்ல. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் டினோர்விக் நிலையம் எந்திரங்களைக் காற்றுக்குள் சுழலவிட்டபடியே காத்திருக்கும். அந்த நிலையிலிருந்து கால் நிமிடத்தில் 1,300 மெகாவாட்டைத் தொட்டுவிடும். ஆனால் அதற்காகவே அதை வடிவமைத்தார்கள். காத்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் செலவாகிக்கொண்டும் இருக்கும்.

பம்பு நிலையில் இன்னொரு மட்டுப்பாடு உண்டு. வெளியே அதிகம் பேசப்படாதது. மின்னாக்கியாக ஓடும்போது தண்ணீரைக் கூட்டிக் குறைத்து 60, 80 மெகாவாட் என்று அளந்து தரலாம். ஒரே வேகத்தில் சுழலும் பம்பாக ஓடும்போது அப்படி முடியாது. ஓடினால் முழுதாக இழுக்கும், இல்லையென்றால் நிற்கும். நண்பகலில் 130 மெகாவாட் மிச்சம் இருந்தால், அதில் 100-ஐ ஓர் எந்திரம் விழுங்கும். மீதி 30-க்கு வேறு வழி தேட வேண்டும். மேகம் வந்து மிச்சம் 70 ஆகிவிட்டால், பம்பு அதற்கேற்பச் சுருங்காது. வேகத்தை மாற்றிக்கொள்ளும் எந்திரங்கள் இதற்குத் தீர்வு. உத்தராகண்டின் தெஹ்ரியில் தலா 250 மெகாவாட்டில் நான்கை அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரிக்கு இந்தச் சங்கடமே கிடையாது. 37 என்றால் 37, அடுத்த நொடி 12 என்றால் 12.

இழப்பிலும் பேட்டரி சற்று முந்தும். 100 யூனிட் போட்டால் நீரேற்று நிலையம் 75 முதல் 80 வரை திருப்பித் தரும். லித்தியம் பேட்டரி 85-ஐத் தாண்டும். ஆயுளில் இது அப்படியே திரும்பிவிடும். பேட்டரி நாள்தோறும் ஏறி இறங்க இறங்கத் தேயும், சும்மா இருந்தாலும் தேயும். பதினைந்து ஆண்டு ஓடினால் நல்ல ஓட்டம். கடம்பாறை முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது. மலைக்குள் குடைந்த குகைக்கும் அணைக்கும் இன்னும் காலம் இருக்கிறது. கட்டுவதிலோ பேட்டரிக்குப் பக்கத்தில் அணை நெருங்க முடியாது. ஹார்ன்ஸ்டேல் சில மாதத்தில் எழுந்து நின்றது. நீலகிரியில் 500 மெகாவாட்டில் திட்டமிட்ட குந்தா நீரேற்றுத் திட்டம், மேலும் கீழும் அணைகள் ஏற்கெனவே இருந்தும், சுரங்கம் தோண்டுவதிலேயே ஆண்டுகளைக் கடத்தியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் எதிர்பாராத ஓர் ஒற்றுமை கண்ணில் பட்டது. இரண்டு வகைச் சேமிப்பும் சறுக்கியது ஒரே இடத்தில். உண்மையில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டிய கருவியோ அமைப்போ பொய் சொன்ன இடத்தில்.

அமெரிக்காவின் மிசூரியில் டாம் சாக் என்ற நீரேற்று நிலையம் உண்டு. அதன் மேல் நீர்த்தேக்கம் குன்றின் உச்சியில் சுற்றிலும் கரை எழுப்பிய ஒரு கிண்ணம். நீர்மட்டத்தை அளக்கும் அழுத்த உணரிகளைக் குழாய்களில் கட்டி உள்ளே இறக்கியிருந்தார்கள். பிடிகள் தளர்ந்து குழாய்கள் வளைந்தன. உணரி இடம் மாறியதால், இருக்கும் மட்டத்தைவிடக் குறைவாகவே காட்டியது. அதையும் மீறினால் பம்பை நிறுத்தக் காவலுக்கு வைத்திருந்த கடைசி உணரிகளோ, கரையின் தாழ்ந்த பகுதியைவிட உயரத்தில் இருந்தன. அதாவது தண்ணீர் வழிந்த பிறகுதான் அவை நனையும். 2005 டிசம்பர் 14 விடியற்காலையில், இன்னும் இடம் இருக்கிறது என்று நம்பிய பம்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. கரை வழிந்து, அரித்து, உடைந்தது. அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 500 கோடி லிட்டர் தண்ணீர் குன்றிலிருந்து இறங்கியது. கீழே பூங்காக் கண்காணிப்பாளரின் வீடு அடித்துச் செல்லப்பட்டது; அவருடைய குடும்பத்தினர் உயிர் தப்பினார்கள். குளிர்காலம் என்பதால் முகாம் திடலில் ஆளில்லை.

ஹார்ன்ஸ்டேலின் சறுக்கலில் யாரும் நனையவில்லை, ஆனால் அது அந்த நிலையத்தின் அடிப்படை வேலையிலேயே நேர்ந்தது. அலைவெண் சரியும்போது இவ்வளவு மின்சாரம் தருவேன் என்று சொல்லித் தயார் நிலையில் நிற்பதற்கே அதற்குப் பணம் உண்டு. 2019 அக்டோபர் 9 அன்று குயின்ஸ்லாந்தின் கோகன் கிரீக் நிலக்கரி நிலையம் நின்றபோது, பேட்டரி தந்தது சொன்னதைவிடக் குறைவு. விசாரித்ததில், அந்த ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை உள்ளிருந்த அமைப்புகள் மாறிக் கிடந்ததால், வாக்களித்ததைத் தரும் நிலையிலேயே அது இல்லை என்று தெரிந்தது. 2022-இல் நீதிமன்றம் 9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்த வகைக் குறையைச் சாதாரண நாட்களில் கண்டுபிடிக்க வழியில்லை. வாயிற்காவலர் தூங்குகிறாரா என்பது திருடன் வரும்போதுதான் தெரியும். அப்படி ஒரு நிகழ்வின்போது நொடிக்குப் பலமுறை பதிவாகும் அளவீட்டை எடுத்து, சொன்னதற்கும் தந்ததற்கும் ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

இப்போது மின்கட்டமைப்புகளில் அதிகம் வைக்கப்படும் இரும்பு-பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியிலும் டாம் சாக்கின் சாயல் உண்டு. அதன் மின்னழுத்தம் பாதிக்கு மேல் இருந்தாலும் பாதிக்குக் கீழ் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். காலியாகும் நேரத்தில்தான் சட்டென்று விழும். ஆகவே உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் இருப்பைக் கணிக்கிறார்கள். நாட்பட நாட்பட அந்தக் கணக்கில் பிழை சேரும். அவ்வப்போது முழுக்க நிரப்பிக் கணக்கைச் சரிபார்க்காவிட்டால், 30 விழுக்காடு இருக்கிறது என்று திரை சொல்லும்போதே மாலை உச்ச நேரத்தில் பேட்டரி கைவிரிக்கலாம்.

நொடிகளுக்குப் பேட்டரி, மணிகளுக்குத் தண்ணீர் என்று பிரித்துவிட்டால் கதை முடிந்துவிடும் போலத் தோன்றும். அதற்கு மேல் இருப்பதுதான் தமிழ்நாட்டின் கதை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் புகுந்து, மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகளை வெறிபிடித்துச் சுற்ற வைக்கும். பிறகு மாதக்கணக்கில் மந்தம். கோடை உச்சத்தில் மாநிலம் ஒரு நாளைக்கு 40 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிறது. கடம்பாறை முழு அளவில் ஆறு மணி நேரம் ஓடினால் தருவது 24 லட்சம், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஹார்ன்ஸ்டேலின் முதல் கொள்ளளவு 1.29 லட்சம். ஜூலையை ஜனவரிக்கு எடுத்துச் செல்ல இந்த இரண்டில் எதையும் எத்தனை மடங்கு பெருக்கினாலும் கட்டாது. ஆண்டுக்கு ஒரே ஒருமுறை நிரம்பிக் காலியாகும் தொட்டிக்கு யாரால் வட்டி கட்ட முடியும்?

அந்த இடைவெளியை இங்கே அடைப்பது சமன்படுத்தல்தான். ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக 96 கூறாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு காற்று வரும் என்று முன்கணித்து, லோட் டெஸ்பாட்ச் சென்டரில் மற்ற நிலையங்களுக்கு அட்டவணை போடுகிறார்கள். காற்று வந்தால் நிலக்கரி நிலையங்களை இறக்குவார்கள். ஆனால் முழுத் திறனில் 55 விழுக்காட்டுக்குக் கீழே பொதுவாக இறக்க முடியாது, கொதிகலனில் தீ தடுமாறும். பிறகு அண்டை மாநிலங்களுக்கு விற்பார்கள். அதுவும் தீர்ந்தால் காற்றாலையையே நிறுத்தச் சொல்வார்கள். காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு வயிறு எரிவது அந்த நேரத்தில்தான்.

சொந்தத் தேவைக்குக் காற்றாலை நட்ட நூற்பாலைகளுக்காகத் தமிழ்நாட்டில் பல காலமாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. தொழிலில் அதன் பெயர் பேங்கிங். பருவத்தில் ஆலைக்குத் தேவைக்கு மேல் விளைந்த யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, ஒரு பங்கைக் கட்டணமாகக் கழித்துக்கொண்டு, அதே நிதியாண்டில் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். வங்கியில் போட்ட பணம்போல் அது எங்கோ இருக்கிறது என்று தோன்றும். எங்கும் இல்லை. ஜூலையில் விளைந்த யூனிட் ஜூலையிலேயே, அந்த நொடியிலேயே, யாரோ ஒருவர் வீட்டு மிக்ஸியில் தீர்ந்துவிட்டது. ஜனவரி இரவில் கோவை ஆலையின் கதிர்கள் அதே யூனிட்டைத் திரும்பக் கேட்கும்போது, தூத்துக்குடியிலோ மேட்டூரிலோ ஒரு கொதிகலனுக்குள் இன்னும் கொஞ்சம் நிலக்கரித்தூள் ஊதப்படுகிறது. ஆலையின் கணக்குப் புத்தகத்தில் அது காற்று என்றே பதிவாகிறது.